எட்டுமா, எட்டாதா?

சென்ற மாதம் அண்டைவீட்டு நண்பர் கையில் மதிப்பெண் குறிப்பேட்டுடன் வந்தார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பு மாணவி. பருவ முடிவில் அவளுக்கு இயற்பியலில் A2 தரம், அதாவது 81க்குக் குறையாத மதிப்பெண், கிடைக்கும் என ஆசிரியர் முன்னமே கூறியிருந்தார். "சார், சராசரி 45தான் வருகிறது. இனி எட்டாது. கைப்பந்துப் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார்.

குறிப்பேட்டைப் பார்த்தேன். முதல் தேர்வில் 50க்கு 30. இரண்டாவதில் 50க்கு 38. செய்முறைக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. நண்பர் அதைச் சுழியம் எனக் கொண்டு 60, 76, 0 ஆகியவற்றைக் கூட்டி மூன்றால் வகுத்துவிட்டார்! இன்னும் அளக்கப்படாத ஒன்றுக்குச் சுழியம் என்று பெயரில்லை. செய்முறை ஏடுகள் இன்னும் திருத்தப்படவில்லை, அவ்வளவே.

இன்னொரு பிழையும் உண்டு. அப்பள்ளியில் இரு தேர்வுகளுக்கும் தலா 20, செய்முறைக்கு 20, பருவத் தேர்வுக்கு 40 எனப் பங்கு வகுத்திருந்தார்கள். தராசுக் கோலில் ஒரே எடைக்கல்லைத் தொலைவில் தொங்கவிட்டால் அதன் திருப்புத்திறன் மிகுவதுபோல, பங்கு மிகுந்த தேர்வின் ஒவ்வொரு விழுக்காடும் முடிவை அதிகமாக நகர்த்தும். ஆகவே வெறும் சராசரி இங்கே உதவாது.

சரியான கணக்கைப் பார்ப்போம். 50க்கு 30 என்பது 20க்கு 12. 50க்கு 38 என்பது 20க்கு 15.2. இதுவரை கைக்கு வந்தது 27.2. இன்னும் மீதி 60 இருக்கிறது. அத்தனையும் கிடைத்தால் 87.2, அதுவே உச்சவரம்பு. 81 அதற்குள் அடங்குவதால் A2 எட்டக்கூடியதே. உச்சவரம்பு 81க்குக் கீழே இருந்திருந்தால் மேற்கொண்டு கணக்கிடவே தேவையில்லை.

ஆனால் என்ன விலையில் எட்டும்? 81இல் 27.2 போனால் 53.8. இதை மீதமுள்ள 60இலிருந்து பெறவேண்டும்; ஏறக்குறைய 90 விழுக்காடு. செய்முறையில் 18 கிடைத்தால், பருவத் தேர்வில் 40க்கு 35.8 வேண்டும். நூறு மதிப்பெண் தாளில் அது 89.5. அடுத்த தரமான B1க்கோ 71 போதும். அதற்கு மீதி 60இல் 43.8, அதாவது 73 விழுக்காடு. இரண்டாம் தேர்வில் அவள் 76 விழுக்காடு பெற்றவள் ஆயிற்றே!

நண்பர் நிமிர்ந்தார். "அப்படியானால் A2 வருமா, சார்?"

"அதை இந்தக் கணக்கு சொல்லாது. எல்லை எங்கே என்பதை மட்டும் சொல்லும். 80.5ஐப் பள்ளி 81 எனக் கொள்ளுமா என்பதை ஆசிரியரிடம் கேளுங்கள். முதல் தேர்வில் இழந்த 20 மதிப்பெண்கள் எந்தப் பாடத்தில் போயின என்பதை மகளிடம் கேளுங்கள்."

மறுநாள் மாலை அந்தப் பெண் பந்துடன் மைதானத்துக்குப் போவதைக் கண்டேன். ஏட்டில் வெற்றிடம் இன்னும் அப்படியே இருந்தது.