காலி செய்யச் சொல்லும் கடிதம்

தாம்பரம் பக்கம் மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை நினைத்துக்கொள்வோம். மாத வாடகை 14,000 ரூபாய், பராமரிப்புக்கு 800. ஐந்தாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஜூன் மாதம் வாடகை வரவில்லை. ஜூலையில் 6,000 மட்டும் ஜிபேயில் வந்தது. ஆகஸ்டில் ஒன்றுமே இல்லை. "தம்பி, இந்த மாசமாவது போட்டுடுங்கப்பா" என்று கேட்டால், "கண்டிப்பா மேடம், சம்பளம் வந்ததும்" என்று பதில் வரும். பிறகு அந்தப் பதிலும் வராமல் போனது.

செப்டம்பர் முதல் வாரத்தில், பொறுமை போய், நோட்டுப் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்து அவர் எழுதுகிறார்: "இரண்டு நாளில் வீட்டைக் காலி செய்யாவிட்டால் கரண்டை நிறுத்திவிடுவேன். சாமான்களைத் தெருவில் வைத்துப் பூட்டிவிடுவேன். உங்கள் ஆபீசுக்கு வந்து எல்லோரிடமும் சொல்வேன்."

கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் அவருக்கு எதிராகவே திரும்பும். தமிழ்நாட்டில் வீட்டு வாடகையை இன்று ஆள்வது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். நில உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் அது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்த அந்தச் சட்டம் இடம் தரவில்லை, வாடகை எத்தனை மாதம் பாக்கி இருந்தாலும். சாமானைத் தூக்கி வெளியே வைத்துப் பூட்டினால், சட்டப்படி அல்லாமல் தன்னை வெளியேற்றிவிட்டார்கள் என்று குடியிருந்தவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம். பாக்கி வைத்தவர் வாதியாகவும், பாக்கி கேட்டவர் பிரதிவாதியாகவும் நிற்கும் நிலை வரும். இரண்டு நாள் என்ற கெடுவுக்கோ சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை.

நோட்டீஸ் அனுப்பும் பலர் புரிந்துகொள்ளாத இடம் ஒன்று உண்டு. வீட்டு உரிமையாளரின் நோட்டீஸ் யாரையும் வெளியேற்றாது. வெளியேற்றும் உத்தரவைப் போட வாடகை நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். நோட்டீஸ் செய்வது வேறு வேலை: பாக்கியை முறைப்படி கேட்டு, கட்டுவதற்கு ஒரு மாதம் கொடுத்து, அந்த ஒரு மாதம் கடந்துவிட்டது என்பதைப் பின்னால் நிரூபிக்க வழி செய்கிறது. அந்தச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்வதும் இதைத்தான். இரண்டு மாத வாடகையும் இதர கட்டணங்களும் பாக்கியாகி, அதைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையும் வராமல் போனால், வீட்டைத் திரும்பப் பெற உரிமையாளர் நீதிமன்றத்தை நாடலாம். நோட்டீஸில் பிழை இருந்தால் அதன்மேல் எழுப்பும் வழக்கும் ஆட்டம் காணும். அதனால் இந்தக் கடிதத்தின் கண்டிப்பு, வார்த்தையின் சூட்டில் இல்லை. கணக்கும் தேதியும் பிசகாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

அந்த ஆசிரியை அனுப்ப வேண்டிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பெறுநர்: திரு. …, திருமதி. …, மேல் மாடி, கதவு எண் …, தாம்பரம். நாள்: செப்டம்பர் 8.

ஐயா, அம்மா, மேற்கண்ட முகவரியில் உள்ள எனது வீட்டில், … நாளிட்ட எழுத்து ஒப்பந்தத்தின்படி (வாடகைப் பதிவு எண் …) தாங்கள் குடியிருந்து வருகிறீர்கள். மாத வாடகை ரூ.14,000, பராமரிப்புக் கட்டணம் ரூ.800. இவை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும்.

ஜூன் மாத வாடகை ரூ.14,000 செலுத்தப்படவில்லை. ஜூலை மாதத்துக்கு ரூ.6,000 மட்டும் பெறப்பட்டது, மீதி ரூ.8,000. ஆகஸ்ட் மாத வாடகை ரூ.14,000 செலுத்தப்படவில்லை. மூன்று மாதப் பராமரிப்புக் கட்டணம் ரூ.2,400. மொத்த பாக்கி ரூ.38,400. தாங்கள் கொடுத்த முன்பணம் ரூ.42,000 என்னிடம் உள்ளது. வீட்டை ஒப்படைக்கும்போது அதற்குரிய கணக்கு தனியே தீர்க்கப்படும்.

இந்த அறிவிப்பு தங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேற்படி ரூ.38,400-ஐ முழுமையாகச் செலுத்துமாறு இதன்மூலம் கோருகிறேன். அவ்வாறு செலுத்தத் தவறினால், அந்தக் கெடு முடிந்தபின் வீட்டைக் காலி செய்து, காலி நிலையில் என்னிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால், வீட்டைத் திரும்பப் பெறவும் பாக்கியை வசூலிக்கவும் உரிய வாடகை நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்வேன். அதற்கான செலவுக்குத் தாங்களே பொறுப்பாவீர்கள். இப்படிக்கு, (கையொப்பம்)."

இதில் வசைச்சொல் ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவருக்குத் தப்பிக்க இடமும் இல்லை. காரணம், பாக்கியை மாதவாரியாகப் பிரித்திருப்பது. "மூன்று மாத வாடகை தரவில்லை" என்று மொத்தமாக எழுதியிருந்தால், ஜூலையில் வந்த 6,000 ரூபாயைக் காட்டி "நோட்டீஸே பொய்" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தொடங்கிவிடுவார். வந்த பணத்தை நாமே ஒப்புக்கொண்டு எழுதிவிட்டால் அந்த வாதம் அங்கேயே அடங்கிவிடும். ஒப்பந்தத்தில் வட்டி இருந்தால் அதைத் தனி வரியில் எழுத வேண்டும், வாடகையோடு கலக்கக் கூடாது.

அடுத்தது, கெடு. "அக்டோபர் 8-க்குள்" என்று எழுதத்தான் கை போகும். எழுதக் கூடாது. ஒரு மாதம் என்பது கடிதம் எழுதிய நாளிலிருந்து ஓடுவதில்லை, கிடைத்த நாளிலிருந்து ஓடுகிறது. செப்டம்பர் 8-ஆம் தேதி அனுப்பி 11-ஆம் தேதி கிடைத்தால், அக்டோபர் 11 முடியும்வரை அவருக்கு நேரம் உண்டு. அவசரப்பட்டு 9-ஆம் தேதியே மனுப் போட்டால் அது முன்கூட்டிய மனுவாகிவிடும். நான்கைந்து நாள் கூடுதலாகப் பொறுத்திருப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

கிடைத்த நாள் இவ்வளவு முக்கியம் என்பதால்தான் கடிதம் போய்ச் சேரும் விதத்தையும் சட்டம் சொல்லிவைத்திருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 106. நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவரோ அவர் சார்பில் வழக்கறிஞரோ கையொப்பமிட வேண்டும். தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், அவர் இல்லாவிட்டால் வீட்டில் உள்ள குடும்பத்தாரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம். இவை எதுவும் முடியாத நிலையில் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். ஒட்டுவது கடைசி வழி. முதல் நாளே கதவில் ஒட்டி அக்கம்பக்கத்தார் படிக்கும்படி செய்வது அவமானப்படுத்தும் வேலை, நோட்டீஸ் கொடுப்பதாகாது.

நடைமுறையில் தபால்தான் நல்லது. சேர்ந்ததற்கான ஒப்புகையோடு பதிவு செய்து அனுப்ப வேண்டும். தபால் ரசீது, சேர்ந்ததற்கான ஒப்புகை, கடிதத்தின் நகல் மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும். குடியிருப்பவர் வாங்க மறுத்து உறை திரும்பி வந்தால் பலர் மனம் சோர்ந்து அதைப் பிரித்துப் பார்ப்பார்கள். பிரிக்கவே கூடாது. "வாங்க மறுத்தார்" என்ற தபால்காரரின் குறிப்போடு திரும்பிய, பிரிக்காத உறையே சான்று. சரியான முகவரிக்குப் பணம் கட்டிப் பதிவு செய்து அனுப்பிய கடிதம் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு மறுத்தவருடையது. வாட்ஸ்அப்பில் ஒரு பிரதி அனுப்புவதில் தவறில்லை, ஆனால் அதையே நம்பி இருக்கக் கூடாது. ஒப்பந்தம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவர் பெயருக்கும் அனுப்ப வேண்டும்.

இனி அந்த ஒரு மாதத்தில் நடப்பவை. குடியிருப்பவர் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால், இந்தக் காரணத்தை வைத்து அவரை வெளியேற்ற முடியாது. பணம் வந்த பிறகும் "நோட்டீஸ் கொடுத்தாச்சு, போங்க" என்பது செல்லாது. இதைக் கேட்டு வருத்தப்படும் உரிமையாளர்கள் உண்டு. ஆனால் நோட்டீஸ் முதலில் கேட்டது பாக்கியைத்தான், அது வந்துவிட்டது.

சிக்கல், பாதித் தொகை வரும்போது. செப்டம்பர் கடைசியில் 10,000 ரூபாய் ஜிபேயில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டம் கேட்பது முழுத் தொகை, அதனால் பாதி கட்டியது போதாது. ஆனாலும் பேசாமல் வாங்கிக்கொண்டால், "வாடகையை வாங்கிவிட்டார், நோட்டீஸைக் கைவிட்டுவிட்டார்" என்று பின்னால் வாதிடுவார்கள். பணம் வாங்கியதே நோட்டீஸைக் கைவிட்டதாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தும் அன்றே இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவது நல்லது: "ரூ.10,000 ஜூன் மாத பாக்கியில் வரவு வைக்கப்பட்டது. மீதி ரூ.28,400. செப்டம்பர் 8 நாளிட்ட அறிவிப்பு தொடர்ந்து நடைமுறையில் உள்ளது."

"அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க மேடம்" என்பது அடிக்கடி வரும் இன்னொரு பதில். முன்பணம் சுவரில் உடைத்ததற்கும் கட்டாத மின்கட்டணத்துக்கும் கடைசிப் பாக்கிக்கும் பிடிமானமாக இருப்பது. அதன் கணக்கு தீர்வது, வீடு காலியாகிச் சாவி கைக்கு வந்த பிறகு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, இடையில் அதை வாடகையாக்க உரிமையாளர் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அந்தத் தொகை தன்னிடம் இருப்பதை நோட்டீஸில் மறைக்கவும் கூடாது.

இத்தனைக்கும் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. மேலே உள்ள மாதிரிக் கடிதத்தில் பதிவு எண் என்று ஒரு கோடு விட்டிருந்தோம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். இதற்கென்றே அரசின் இணையதளம் உண்டு: www.tenancy.tn.gov.in. ஆனால் முத்திரைத்தாளில் பதினோரு மாதத்துக்கு எழுதி அலமாரியில் வைத்துவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். அந்தத் தாளோடு நீதிமன்றம் போனால், பாக்கிக் காரணத்தைப் பற்றிப் பேசும் முன்பே ஒப்பந்தம் சான்றாகுமா என்ற கேள்வி எழும். அப்படிப்பட்டவர்கள் எந்தப் பிரிவின் கீழ் மனுப் போடுவது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே நோட்டீஸ் எழுத வேண்டும்.

குடியிருப்பவருக்கும் ஒரு வார்த்தை. தபால்காரர் நீட்டும் உறையை மறுக்காதீர்கள், அதனால் ஒரு நாள்கூடக் கிடைக்காது. வாங்கிப் படித்து, கணக்கில் தவறு இருந்தால் அந்த ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பணம் கொடுத்தும் உரிமையாளர் வாங்க மறுத்தால், அதை வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது. கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு மாதம் உங்களுக்காகச் சட்டம் ஒதுக்கிய நேரம். அது உறையைக் கையெழுத்திட்டு வாங்கும் அன்றே ஓடத் தொடங்கிவிடுகிறது.