வீட்டுச் சமையலை விற்க முதலில் எந்தச் செயலி?

வீட்டில் சமைத்து விற்கத் தொடங்கும் நம் பெண்கள் பலர் முதல் வாரத்திலேயே வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், ஸ்விக்கி, சொமேட்டோ என எல்லாவற்றிலும் கணக்குத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் எதற்கும் பதில் சொல்ல நேரம் இருப்பதில்லை. அடுப்பையும் போனையும் ஒரே ஆள் பார்க்கும் வீட்டில், முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தளம் போதும். அதிகம் போனால் இரண்டு. அவை எவை என்பதுதான் கேள்வி.

தலித் குடியிருப்பிலிருந்து விற்பவருக்கு இந்தக் கேள்வி மற்றவர்களுக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் கடினமானது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரிலும், தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும், தலித் பெண் சமைக்கிறார் என்பதற்காகப் பள்ளிக் காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்ததை நாம் மறக்கவில்லை. அரசு கொடுக்கும் இலவச உணவுக்கே அந்த நிலை என்றால், காசு கொடுத்து வாங்கும் உணவில் முகவரி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். ஆனால் வாங்குபவரின் மனதிலிருந்து அந்தச் சொல் இன்னும் போகவில்லை.

திண்டிவனத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு குடியிருப்பில் மீன் குழம்புச் சாப்பாடும் கருவாட்டுத் தொக்கும் செய்து விற்கும் ஒரு அக்காவின் கணக்கை நாம் அவருடன் உட்கார்ந்து பார்த்தோம். பெயர் வேண்டாம் என்றார். “சாப்பாடு நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. எந்தத் தெருன்னு கேட்டதும் போனை வச்சுடறாங்க” என்றார். அவர் முதலில் நினைத்தது உணவு விநியோகச் செயலியில் சேரலாம் என்றுதான்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யச் சொன்னோம். வீட்டில் இருந்தபடி, வாடிக்கையாளரைப் போல அந்தச் செயலியைத் திறந்து, நம் வீட்டு இருப்பிடத்தைக் கொடுத்து, பகல் 12 மணிக்கும் இரவு 8 மணிக்கும் எத்தனை கடைகள் தெரிகின்றன என்று பார்க்க வேண்டும். ஒன்றிரண்டுதான் தெரிகிறது, அல்லது ‘இங்கே சேவை இல்லை’ என்று வருகிறது என்றால், உணவு எடுக்க வண்டி ஓட்டுபவர்கள் நம் பக்கம் வருவதில்லை என்று பொருள். அக்காவுக்கு இரண்டு வேளையும் எதுவும் வரவில்லை. நம் குடியிருப்புகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருப்பதால் இந்தச் சோதனையை முதலில் செய்வது நல்லது.

வண்டி வந்தாலும் அடுத்த கணக்கு இருக்கிறது. ஒரு சாப்பாடு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தரகு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். 25 சதவீதம் என்று எடுத்தால் 30 ரூபாய் போகும். அந்தத் தரகின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 5 ரூபாய் 40 காசு. கைக்கு வருவது 84 ரூபாய் 60 காசு. அக்காவுக்கு மீன், அரிசி, எண்ணெய், காஸ், டப்பா எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டுக்கு 76 ரூபாய் ஆகிறது. மிச்சம் 8 ரூபாய் 60 காசு. அதே சாப்பாட்டை வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, மகன் ஒரே தடவையில் 15 பேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் பெட்ரோல் 60 ரூபாய், அதாவது சாப்பாட்டுக்கு 4 ரூபாய். மிச்சம் 40. செயலியிலும் அதே 40 கிடைக்க வேண்டுமானால் விலையை 165 ஆக்க வேண்டும். திண்டிவனத்தில் அந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்று அவரே சிரித்தார்.

ஆகவே சூடான சாப்பாட்டுக்கு முதல் தளம் வாட்ஸ்அப் பிசினஸ். இது இலவசம். வீட்டு எண்ணில் தொடங்காமல் தனி சிம் வாங்குவது நல்லது. அந்த எண் நாளை பலர் கையில் இருக்கும். அன்றைய உணவு, விலை, ஆர்டர் முடியும் நேரம் மூன்றையும் கேட்டலாக்கில் போட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். அக்கா 90 பேருக்கு அனுப்பினார், 20 பேர்தான் பார்த்தார்கள். சாப்பாடு பிடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மையில் மற்றவர்களுக்குச் செய்தியே போகவில்லை. அதனால் முதல் சாப்பாட்டைக் கொடுக்கும்போதே, “நம்பரைச் சேமிச்சுக்குங்க, நாளைக்கு என்ன குழம்புன்னு வரும்” என்று சொல்லிவிட வேண்டும்.

முதல் 30 பேரை யாரிடமிருந்து எடுப்பது என்பதில்தான் முகவரிக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அக்கா தொடங்கியது அரசு அலுவலகத்தில் வேலை செய்யும் உறவினர், மகள் படித்த பள்ளியின் ஆசிரியர்கள், வங்கியில் இருக்கும் தோழர்கள். அவர்கள் அலுவலகத்தில் டப்பாவைத் திறந்ததும் பக்கத்து மேசைக்காரர் எண் கேட்கிறார். சாப்பிட்டவர் சொல்லி வருபவர் தெருவைக் கேட்பதில்லை. விளம்பரத்தைப் பார்த்து வருபவர்தான் கேட்கிறார்.

இரண்டாவது தளம் பொருளைப் பொறுத்தது. கருவாட்டுத் தொக்கு கெடாமல் இருக்கும், கூரியரில் போகும். இதற்கு இன்ஸ்டாகிராம் பொருந்தும். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் ஊர்ச் சுவையைத் தேடுவது அங்கேதான். சந்திர பான் பிரசாத் 2016-இல் ‘தலித் ஃபுட்ஸ்’ என்று பெயரிலேயே சொல்லி ஊறுகாயையும் மசாலாப் பொடிகளையும் இணையத்தில் விற்கத் தொடங்கினார். அடையாளத்தைச் சொல்லி விற்பதா, சொல்லாமல் விற்பதா என்பது அவரவர் முடிவு. ஆனால் அடைத்து விற்கும் உணவின் லேபிளில் தயாரித்தவர் பெயர், முழு முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் மூன்றும் இருக்க வேண்டும் என்பது சட்டம். முகவரியை மறைத்துத் தொழில் செய்ய வழியில்லை. அந்தப் பதிவை foscos.fssai.gov.in தளத்தில் எடுக்கலாம். சிறு விற்பனையாளருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்.

ஒருவர் வாங்காமல் இருப்பது குற்றமல்ல. ஆனால் ஊர்க் குழுவில் ‘அவர்களிடம் யாரும் வாங்காதீர்கள்’ என்று புறக்கணிக்கத் தூண்டினால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(zc) சொல்லும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு. தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். கோபத்தில் குழுவிலிருந்து வெளியேறிவிட்டால் அடுத்து வரும் சான்று கைக்கு வராது.

தேர்ந்தெடுத்த தளம் சரியா என்பதை ஒரு நோட்டு சொல்லிவிடும். வாரம்தோறும் புதிதாக வந்தவர் எத்தனை, திரும்பி வந்தவர் எத்தனை என்று இரண்டு வரிசை எழுதினால் போதும். எட்டு வாரம் கழித்து, வந்தவர் திரும்பவில்லை என்றால் குறை சுவையிலோ விலையிலோ நேரத்திலோ இருக்கிறது. தளத்தை மாற்றிப் பயனில்லை. திரும்பி வருகிறார்கள், புதியவர்தான் இல்லை என்றால் அப்போது இரண்டாவது தளத்தைத் திறக்கலாம். அக்காவின் நோட்டில் எட்டாவது வாரம் திரும்பி வந்தவர் 22, புதியவர் 3. கருவாட்டுத் தொக்குக்கு இன்ஸ்டாகிராம் கணக்கை அந்த வாரம்தான் தொடங்கினார்.