மூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் மலை

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்று நடுப்பகலில் பள்ளத்தாக்கைப் படமெடுத்தால், கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்த காடு படத்தில் சாம்பல் பூத்துக் கிடக்கும். கேமராவின் மீது குற்றமில்லை. நமக்கும் எதிர்மலைக்கும் நடுவே சில கிலோமீட்டர் காற்று இருக்கிறது. அதிலுள்ள ஈரமும் தூசியும் வெயிலைச் சிதறடிக்கின்றன. சிதறிய ஒளியில் ஒரு பங்கு, மலையிலிருந்து வரும் ஒளியோடு சேர்ந்து லென்ஸுக்குள் நுழைகிறது. பாறை இடுக்கின் நிழலிலிருந்து ஒளியே வராவிட்டாலும், நடுவிலுள்ள காற்றிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். கறுப்பாக இருக்க வேண்டியது சாம்பலாகப் பதிவதற்கு இதுதான் காரணம். இப்படி மேலதிகமாகச் சேர்ந்த ஒளியில் பெரும்பங்கைக் கழித்துவிட முடியும். அதற்கான கருவி லெவல்ஸ்.

ஃபோட்டோஷாப்பில் Ctrl+L அழுத்தினால் அது திறக்கும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் Colors மெனுவில் Levels என்றிருக்கும். திறந்ததும் கறுப்பு மேடு ஒன்று தெரியும். அதுதான் ஹிஸ்டோகிராம். படத்தின் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரை ஓர் எண். இடது ஓரம் முழுக் கறுப்பு, வலது ஓரம் முழு வெள்ளை. எந்த எண்ணில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதை மேட்டின் உயரம் காட்டுகிறது. மங்கலான படத்தில் மேடு நடுவில் ஒடுங்கி நிற்கும், இரு ஓரமும் காலியாகக் கிடக்கும்.

வேலியோ கைப்பிடியோ இல்லாமல், எதிர்ச்சரிவும் மேகமும் மட்டும் விழுந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மேடு 70-இல் தொடங்கி 205-இல் முடிகிறது. கீழே மூன்று முக்கோணங்கள் இருக்கின்றன. இடதுபுறக் கறுப்பு முக்கோணத்தை 70-க்கும், வலதுபுற வெள்ளை முக்கோணத்தை 205-க்கும் நகர்த்துகிறோம். இனி 70 தான் கறுப்பு, 205 தான் வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டோம். அது செய்யும் கணக்கு எளிது. ஒவ்வொரு எண்ணிலும் 70-ஐக் கழித்து, மிச்சத்தை ஏறக்குறைய 1.9-ஆல் பெருக்குகிறது. 90 என்று இருந்த மர நிழல் 38 ஆகிறது. 150 ஆக இருந்த புல்வெளி 151, கிட்டத்தட்ட அசையவே இல்லை. 200 ஆக இருந்த மேகம் 246-க்கு ஏறுகிறது. முன்பு பத்து எண் வித்தியாசத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு மரங்களுக்கு நடுவே இப்போது பத்தொன்பது எண் இடைவெளி. தெளிவு என்று நாம் சொல்வது இந்த இடைவெளியைத்தான்.

மூட்டமான படத்தில் பாதிக்கு மேல் வேலையைச் செய்வது கறுப்பு முக்கோணம்தான். அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் கவனம் வேண்டும். மேடு தொடங்கும் இடத்தைத் தாண்டி உள்ளே போனால், அதற்கு இடப்புறம் இருந்ததெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். நிழலுக்குள் இருந்த இலையும் கிளையும் அதோடு போய்விடும். ஃபோட்டோஷாப்பில் Alt விசையை அழுத்திக்கொண்டே கறுப்பு முக்கோணத்தை இழுத்தால் திரை முழுக்க வெள்ளையாகி, நசுங்கும் இடங்கள் மட்டும் நிறப்பொட்டுகளாகத் தெரியும். ஊசி முனை அளவில் ஓரிரு பொட்டுகள் எழும்போது நிறுத்திவிட வேண்டும். திட்டுத் திட்டாகப் பரவினால் அதிகம் போய்விட்டோம். வெள்ளை முக்கோணத்துக்கும் இதே வழிதான், திரை கறுப்பாகும். தகரக் கூரையில் தெறிக்கும் வெயில் போன்ற பளபளப்பு வெளுத்துப்போனால் கவலையில்லை. மேகத்தின் வளைவுகள் மட்டும் மிஞ்ச வேண்டும்.

இத்தனை செய்தும் பலருடைய படத்தில் நிழல்கள் நீலம் பாரித்து நிற்கும். மெல்லிய மூட்டம் நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாகச் சிதறடிப்பதால் வருவது இது. நம் படத்தில் ஒரு பாறை இடுக்கை அளந்தால் சிவப்பு 70, பச்சை 76, நீலம் 92. மூன்றிலிருந்தும் ஒரே 70-ஐக் கழித்துப் பெருக்கினால் கிடைப்பது 0, 11, 42. கறுப்பாக வேண்டிய இடுக்கு கருநீலமாகிவிட்டது. எனவே லெவல்ஸ் பெட்டியின் மேலே Channel என்றிருக்கும் இடத்தில் நிறங்களைத் தனித்தனியே தேர்ந்தெடுத்து, சிவப்புக்கு 68, பச்சைக்கு 74, நீலத்துக்கு 90 என்று கறுப்புப் புள்ளி வைக்க வேண்டும். இடுக்கு மூன்றிலும் 4 என்று வந்து, சாயமில்லாத கறுப்பாகிறது. நான் நீலத்தை 84-லேயே நிறுத்திவிடுவேன். தொலைவு மலையில் கொஞ்சம் நீலம் இருந்தால்தான் அது தொலைவில் இருப்பதாகக் கண் ஏற்கிறது.

கிம்ப்பில் உள்ள Auto Input Levels பொத்தான் இதையெல்லாம் ஒரே தட்டலில் செய்யும். ஆனால் அது ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே இருபுறமும் இழுத்துவிடுகிறது. பகல் காட்சிக்கு அது ஒத்துவரலாம். மாலை வெயிலின் மஞ்சளையும் அது பிழையென்று எண்ணி அடித்துவிடும்.

முனைகளை வைத்தபின் படம் மொத்தத்தில் சற்று இருண்டதாகத் தோன்றினால், நடு முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்தலாம். 1.00 என்றிருக்கும் எண் 1.10 அல்லது 1.15 ஆனாலே பெரும்பாலும் போதும்.

இனி, அதே இடத்தில் இரும்பு வேலியும் அதில் சாய்ந்து நிற்கும் பிள்ளைகளும் சேர்ந்து விழுந்த படத்துக்கு வருவோம். ஹிஸ்டோகிராம் இப்போது 5-லேயே தொடங்கிவிடும். வேலிக்கும் கேமராவுக்கும் நடுவே மூட்டம் ஏது? அது ஒழுங்கான கறுப்பாகவே பதிந்திருக்கிறது. ஓரத்தில் இடம் காலியில்லை என்று லெவல்ஸை மூடிவிடுகிறவர்கள் உண்டு. துணிந்து 70 வரை இழுத்தால் மலை தெளியும், பிள்ளைகளின் தலைமுடியும் கறுப்புச் சட்டையும் ஒரே திட்டாகிவிடும். தூரம் கூடக் கூட மூட்டமும் கூடுகிறது. லெவல்ஸுக்கோ தூரம் என்ற ஒன்றே தெரியாது. ஆகவே படத்தின் லேயரை இரட்டித்து, மேலே உள்ளதில் மலைக்குத் தக்கபடி லெவல்ஸ் வைத்து, அதற்கு ஒரு மாஸ்க் சேர்க்க வேண்டும். மாஸ்க்கில் மலைப்பகுதியை வெள்ளையாகவும் முன்னே நிற்பவர்களைக் கறுப்பாகவும் தீட்டினால், திருத்தம் மலையின் மீது மட்டும் விழும். எல்லைக்கோட்டில் தூரிகையை மென்மையாக வைத்துக்கொள்ளுங்கள். கூரான தூரிகை தலையைச் சுற்றி வெளிறிய ஒளிவட்டத்தை விட்டுவிடும்.

இழுக்க இழுக்கப் படம் ஒரு விலையும் கொடுக்கிறது. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். நம் படம் பயன்படுத்தியிருந்தது 136 படிகள். அவற்றை 256-க்குப் பரப்பியதும் நடுநடுவே காலி இடங்கள் விழுகின்றன. ஹிஸ்டோகிராம் சீப்புப் பற்கள்போலத் தெரிவதும், வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் எழுவதும் அதனால்தான். படத்திலிருந்த இரைச்சலும் அதே 1.9 மடங்கு பெருகி நிழல்களில் மணல் தூவியதாகத் தெரியும். ரா வடிவில் எடுத்திருந்தால் 14 பிட்டில் 16,384 படிகள் இருக்கும், இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். மலைப்பயணத்தில் மட்டுமாவது ராவில் எடுத்து வையுங்கள் என்பேன்.

விடியற்காலைப் பனிமூட்டத்தில் நிற்கும் மரங்களை எடுத்த படத்திலும் இதே ஒடுங்கிய மேடுதான் இருக்கும். அதில் இரு முனைகளையும் நெருக்கினால் பனி கலைந்து, அழுக்கான ஒரு பகல் படம் மிஞ்சும். அங்கே கறுப்பு முக்கோணத்தைப் பத்துப் பதினைந்து எண்ணுக்குமேல் நகர்த்தாதீர்கள். அடிவானத்தோடு கலந்துவிட்ட சமவெளிக்கும் ஒரு வரம்பு உண்டு. அங்கே ஊருக்கும் வயலுக்கும் நடுவே இரண்டு மூன்று எண் வித்தியாசம்கூடப் பதிந்திருக்காது. லெவல்ஸ் இருக்கிற வித்தியாசத்தைப் பெருக்குமே தவிர, இல்லாததை உண்டாக்காது. அந்த ஊர் தெரிய வேண்டுமென்றால், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை அதே இடத்தில் போய் நிற்க வேண்டியதுதான்.