சீட்டை யார் பார்ப்பது?

வேறு துறைக்குச் சில மாதம் டெபுடேஷனில் போக விரும்புகிறவர், தான் ஏன் போக விரும்புகிறார் என்பதைத்தான் கடிதத்தில் பக்கம் பக்கமாக எழுதுவார். அந்தக் கடிதம் மேலே போகும்போது அதைப் படிக்கும் அதிகாரிக்கு வேறு கேள்வி இருக்கும். என்றைக்குப் போகிறார், என்றைக்குத் திரும்புவார், அதுவரை அவருடைய சீட்டை யார் பார்ப்பது? இந்த மூன்றுக்கும் கடிதத்தில் விடை இல்லாவிட்டால், "பணியாளர் பற்றாக்குறை காரணமாக இயலாது" என்ற ஒற்றை வரியோடு கோப்பு திரும்பி வந்துவிடும். ஒருவரை நிறுத்திவைக்க அந்த வரி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பணியாளர் குறைவாக இல்லாத அலுவலகம் ஏது?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகம். அங்கே நிர்வாகப் பிரிவில் ஓய்வூதியக் கோப்புகளைப் பார்க்கும் ஒருவர். மதுரையில் வேறு துறையின் அலுவலகம் ஒன்று, பழைய பணிப்பதிவேடுகளைச் சரிபார்த்து முடிக்க ஆறு மாதத்துக்கு அனுபவமுள்ள ஒருவர் தேவை என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. நம்மவருக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும், போகவும் விருப்பம். முதலில் அவர் எழுதிய தேதிகள்: 1.10.2026 முதல் 31.3.2027 வரை. அரையாண்டு, கணக்குக்கு எளிது என்று நினைத்தார்.

இந்தத் தேதிகளில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. முதல் சிக்கல் அவருடைய சீட்டிலேயே இருக்கிறது. ஓய்வு பெறுகிறவரின் ஓய்வூதியத் தாள்கள், ஓய்வு பெறும் நாளுக்கு நான்கு மாதம் முன்பே கணக்கு அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது மே, ஜூன் மாதங்களில் பிறந்த தேதி கொடுத்துவிடும் பழைய வழக்கத்தால், பல அலுவலகங்களில் மே 31, ஜூன் 30 ஆகிய இரண்டு நாட்களில் ஓய்வு பெறுகிறவர்கள் அதிகம். மே 31-க்கு உரிய தாள்கள் ஜனவரி 31-க்குள்ளும், ஜூன் 30-க்கு உரியவை பிப்ரவரி இறுதிக்குள்ளும் போக வேண்டும். ஆக, வேலை குவிகிற ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இவர் மதுரையில் இருப்பார். சீட்டின் நாள்காட்டியைப் பார்க்காமல் தேதி குறித்தால் இப்படித்தான் ஆகும். அவருடைய பிரிவு அலுவலர் இதைப் பார்த்த நிமிடமே கோப்பை மூடிவிடுவார், அதில் தவறும் இல்லை.

இரண்டாவது சிக்கல் நாள் கணக்கில். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை எண்ணிப் பாருங்கள், 182 நாள் வரும். மத்திய அரசின் பணியேற்புக் கால விதிகளில் 180 நாள் என்று ஒரு கோடு இருக்கிறது. தற்காலிக மாறுதல் 180 நாளுக்கு உட்பட்டதாக இருந்தால் தனியாகப் பணியேற்புக் காலம் கிடையாது, பயணத்துக்கு ஆகும் நேரம் மட்டும்தான். அதைத் தாண்டினால், பொதுநலன் கருதிய மாறுதல் என்ற அடிப்படையில் பணியேற்புக் காலம் கேட்க இடம் உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்துக்கு அது பத்து நாள். போகும்போது பத்து, வரும்போது பத்து என்று வைத்தால், ஆறு மாத வேலைக்காக இரண்டு அலுவலகங்களும் சேர்ந்து இருபது நாள் ஆளில்லாமல் இருக்க வேண்டும். இரண்டே நாளுக்காக இந்தக் குழப்பம் தேவையா? "ஆறு மாதம்" என்று எழுதிவிட்டு விட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஜூலை முதல் டிசம்பர் வரையிலான ஆறு மாதம் 184 நாள். எந்த மாதத்தில் தொடங்கினாலும் முழு "ஆறு மாதம்" கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் விழும்.

இப்போது அவர் தேதிகளை மாற்றுகிறார். மதுரை அலுவலகத்துக்குப் போன் செய்து, ஜூலையிலேயே வந்தால் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்கிறார். அவர்களுக்கும் அதுதான் வசதி. 2026 ஜூலை 1 புதன்கிழமை. அன்றிலிருந்து 180-ஆம் நாள் டிசம்பர் 27. அது ஞாயிற்றுக்கிழமை, அதற்கு முந்தைய நாள் சனி, அதற்கும் முந்தைய நாள் கிறிஸ்துமஸ். எனவே டிசம்பர் 24 வியாழன் பிற்பகல் மதுரையில் விடுவிப்பு, 28 திங்கள் முற்பகல் சென்னையில் பணியேற்பு என்று எழுதுகிறார். போகும்போதும் அப்படியே: ஜூன் 30 பிற்பகல் சென்னையில் ரிலீவ் ஆகி, இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் மதுரை, முற்பகலிலேயே பணியேற்பு. முற்பகல், பிற்பகல் என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். இரண்டு அலுவலகங்களுக்கும் இடையில் ஒரு நாள் யார் கணக்கிலும் சேராமல் போனால், சம்பளப் பட்டியலில் அந்த நாளைச் சரிசெய்ய மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

இந்தத் தேதிகளில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையை எழுத, ஓர் அதிகாரியின் கீழ் குறைந்தது மூன்று மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. ஜூன் 30 வரை சென்னையில் இருந்தால் அந்த மூன்று மாதத்துக்குச் சென்னை அதிகாரி எழுதலாம், ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு மதுரை அதிகாரி எழுதலாம். ஜூன் நடுவிலேயே கிளம்பியிருந்தால் முதல் பகுதி யாரும் எழுதாமல் தொங்கியிருக்கும்.

அடுத்தது சீட். கடிதத்தின் உயிர் இந்தப் பத்தியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. "என் பணிகள் பாதிக்கப்படாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். மதுரையில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பார்த்துக்கொள்வார்? நம்மவர் தன் பதிவேட்டைத் திறந்து, தான் இல்லாத ஆறு மாதத்தில் எந்தெந்தத் தாள்கள் கணக்கு அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று எடுக்கிறார். நவம்பர் இறுதியிலிருந்து மார்ச் இறுதி வரை ஓய்வு பெறுகிறவர்களின் தாள்கள் அவை. அவருடைய அலுவலகத்தில் அப்படி நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"1.7.2026 முதல் 24.12.2026 வரையிலான காலத்தில் நான்கு ஓய்வூதியக் கோப்புகள் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பப்பட வேண்டியவை. இவற்றில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஓய்வு பெறும் இருவரின் கோப்புகளை 30.6.2026-க்குள் முடித்து ஒப்புதலுக்கு வைத்துவிடுவேன். ஜனவரியில் ஓய்வு பெறுபவரின் கோப்பில் நிலுவை ஏதும் இல்லை, படிவங்கள் வந்ததும் அனுப்பலாம். மார்ச்சில் ஓய்வு பெறுபவரின் பணிப்பதிவேட்டில், அவர் முன்பு பணியாற்றிய அலுவலகத்தில் இருந்த காலத்துக்குப் பணிச் சரிபார்ப்புச் சான்று இல்லை. அதைக் கேட்டு எழுதியுள்ளேன், நினைவூட்டுக் கடிதத்தின் வரைவும் கோப்பில் உள்ளது. இவ்விரண்டு கோப்புகளையும் பக்கத்து சீட்டில் உள்ள உதவியாளர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்க ஒப்புக்கொண்டுள்ளார். ஜூன் மாதத்தின் கடைசி இரண்டு வாரங்களில் அவருடன் சேர்ந்து உட்கார்ந்து கோப்புகளை ஒப்படைக்கிறேன்."

இந்தப் பத்தியைப் படிக்கும் அதிகாரிக்கு முடிவெடுக்க எல்லாம் கையில் இருக்கிறது. நான்கில் இரண்டு முடிந்துவிடும், ஒன்று எளிது, ஒன்றில்தான் ஆபத்து, அந்த ஆபத்து எங்கே என்பதும் தெரியும். சிக்கலான கோப்பை மறைத்து வைத்துவிட்டுப் போனால், அக்டோபரில் அது வெடிக்கும்போது மதுரைக்குத்தான் போன் வரும். கூடுதல் பொறுப்பு ஏற்கிற சக ஊழியரிடம் முன்கூட்டியே பேசிச் சம்மதம் வாங்குவது மரியாதை மட்டுமல்ல, தேவையும்கூட. அவரும் அதே மாதங்களில் நீண்ட விடுப்பு போட்டிருந்தால் மொத்தத் திட்டமும் கவிழ்ந்துவிடும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அரசில் டெபுடேஷனுக்குத் தனிப் படி உண்டு. அதே ஊரிலேயே என்றால் அடிப்படைச் சம்பளத்தில் 5 சதவீதம், வேறு ஊர் என்றால் 10 சதவீதம், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு. அடிப்படைச் சம்பளம் 50,500 ரூபாய் என்றால் மதுரைக்கு மாதம் 5,050 ரூபாய். ஆனால் 2010 ஜூன் 17 தேதியிட்ட பணியாளர் துறை ஆணையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஊழியரின் சொந்த வேண்டுகோளின் பேரில் செய்யப்படும் தற்காலிக நியமனம் டெபுடேஷனாகவே கருதப்படாது. பணியாளர் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய 'லோன்' அடிப்படையில் அனுப்பினாலும் படி கிடையாது. எனவே சுற்றறிக்கையைப் பார்த்து விண்ணப்பிக்கிறவர், அந்தச் சுற்றறிக்கையின் எண்ணையும் தேதியையும் கடிதத்தின் முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டும். மதுரையில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது காரணமாக இருந்தால் அதை மறைக்க வேண்டாம். ஆனால் அது சொந்த வேண்டுகோள் என்பதையும் படி வராது என்பதையும் தெரிந்துகொண்டே எழுதுங்கள்.

கடிதம் நேரே மதுரைக்குப் போகக் கூடாது, தன் அலுவலகத் தலைவர் வழியாகவே போக வேண்டும். அங்கிருந்து விஜிலன்ஸ் சான்றும் சேர்ந்து போகும். உத்தரவு வந்த பிறகு இறுதி ஊதியச் சான்று மதுரைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள், அது இல்லாமல் முதல் மாதச் சம்பளம் தாமதமாகும். தமிழ்நாடு அரசுப் பணியில் இருப்பவர்கள் மாற்றுப்பணி, அயற்பணி என்ற சொற்களைப் பயன்படுத்துவார்கள். படிகளும் நாள் வரம்புகளும் அவரவர் விதிப்படி மாறும். வாரியம், கழகம் போன்ற இடங்களுக்கு அயற்பணியில் போனால், அந்தக் காலத்துக்கான ஓய்வூதியப் பங்களிப்பை யார் கட்டுகிறார்கள் என்பதும் உத்தரவில் இருக்க வேண்டும்.

டிசம்பர் நடுவில் மதுரை அதிகாரி, "இன்னும் ரெண்டு மாசம் இருங்களேன், வேலை முடியல" என்று கேட்கக்கூடும். அவர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி இருந்துவிடக் கூடாது. மத்திய அரசு விதிப்படி, நீட்டிப்பு உத்தரவு எழுத்தில் வராவிட்டால், காலம் முடிகிற நாளிலேயே அவர் விடுவிக்கப்பட்டவராகக் கொள்ளப்படுவார். அதற்குப் பிறகு மதுரையில் இருந்த நாட்களுக்கு அவர்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு மாதம் நீட்டித்தால் 180 நாள் கோடும் தாண்டும், மே 31-க்குரிய தாள்களை அனுப்ப வேண்டிய ஜனவரியும் போய்விடும். அதனால் மதுரை அலுவலகத்திடம் நவம்பரிலேயே, "நீட்டிப்பு வேண்டுமென்றால் இப்போதே என் அலுவலகத்துக்கு எழுதுங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது. சென்னை ஒப்புக்கொண்டால் ஜனவரி வேலைக்குப் புதிய ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரம் கிடைக்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால், டிசம்பர் 24 பிற்பகல் கையெழுத்துப் போட்டு ரிலீவ் ஆகிவிடலாம்.