கடல் தாண்டிய படிப்பு – 9
20 மணி நேரம்: எந்த வளாகத்துக்குள்?

பிள்ளையை அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்கு அனுப்பும் வீடுகளில் ஒரு கணக்கு தவறாமல் ஓடும். கல்விக்கடன் இவ்வளவு, சேமிப்பு இவ்வளவு, மீதியைப் பிள்ளை வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வான். 20 என்ற எண் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த 20 மணி நேரத்தை எங்கே வேலை பார்க்கலாம் என்பதுதான் பல வீடுகளுக்குத் தெரிவதில்லை.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வெளியே கடைகளிலும் வேலை பார்க்கலாம். கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். அங்கே போன அண்ணனோ அக்காவோ சொன்னதைக் கேட்டு, அமெரிக்காவுக்கும் அதுவே விதி என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்காவின் எஃப்-1 விசாவில் 20 மணி நேரம் என்பது பல்கலைக்கழக வளாகத்துக்குள் செய்யும் வேலைக்கு மட்டும்தான். வளாகத்துக்கு வெளியே, தனி அனுமதி இல்லாமல், அனுமதிக்கப்பட்ட நேரம் பூஜ்யம். பெட்ரோல் பங்க், இந்திய உணவகம், மளிகைக்கடை எதுவானாலும் ஒரு மணி நேரம்கூட இல்லை. சம்பளத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுத்தாலும் இதேதான். நண்பர் பெயரில் உள்ள செயலிக் கணக்கில் உணவு டெலிவரி செய்வதும் இதில்தான் சேரும்.

வளாக வேலை என்றால் நூலகம், மாணவர் உணவுக்கூடம், கணினி உதவி மையம், பேராசிரியருக்கு விடைத்தாள் திருத்துவது, ஆய்வு உதவியாளர் பணி போன்றவை. வளாகத்துக்குள் மாணவர்களுக்காகவே நடக்கும் புத்தகக் கடையிலோ கேன்டீனிலோ தனியார் நிறுவனத்துக்காக வேலை பார்த்தாலும் அது வளாக வேலைதான். இவற்றுக்குக் குடியேற்றத் துறையிடம் தனி அனுமதி அட்டை வாங்க வேண்டாம். வேலை கிடைத்ததும் வேலை தரும் துறையிலிருந்து ஒரு கடிதம், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம், அதோடு பாஸ்போர்ட், ஐ-20, ஐ-94 ஆவணங்களை எடுத்துக்கொண்டு சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய் எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சம்பளமும் வரிக்கணக்கும் அந்த எண்ணில்தான் ஓடும்.

எல்லாம் ஒழுங்காகவே செய்பவர்கள்கூட இடறி விழும் இடம் மணிக்கணக்கு. அதைப் புரிந்துகொள்ள நித்யா என்று ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். மதுரைக்காரப் பெண். 2024 ஆகஸ்ட்டில் கணினி அறிவியல் முதுகலையில் சேருகிறாள். நூலகத்தில் வாரம் 12 மணி நேரம், உணவுக்கூடத்தில் 8. மொத்தம் 20. இது சரி. தேர்வு நெருங்கும் ஒரு வாரத்தில் உணவுக்கூடத்தில் கூட வேலை பார்ப்பவன், “எனக்கு நாளைக்குப் பரீட்சை, என் ஷிஃப்ட்டை நீ பார்த்துக்கறியா?” என்று கேட்கிறான். நித்யாவும் பாவம் பார்த்து ஒப்புக்கொள்கிறாள். அந்த வாரம் 24 மணி நேரம். அடுத்த வாரம் 16 மணி நேரம் மட்டும் வேலை பார்க்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் சம்பளச் சீட்டில் மொத்தம் 40 என்றுதான் இருக்கும். பார்த்தால் எந்தத் தவறும் தெரியாது. ஆனால் விதி வாரத்துக்கானது, சராசரிக்கானது இல்லை. அந்த முதல் வாரத்தில் அவள் வரம்பைத் தாண்டிவிட்டாள்.

உணவுக்கூட மேலாளருக்கு அவள் அங்கே பார்க்கும் 8 மணி நேரம்தான் தெரியும். நூலகத்தில் பார்க்கும் 12 அவர் கண்ணில் படாது. எத்தனை இடத்தில் வேலை பார்த்தாலும் எல்லாம் சேர்ந்து 20தான். கூட்டிப் பார்க்கும் பொறுப்பு மாணவருடையது. ஆகவே இரண்டு வேலை வைத்திருப்பவர் சம்பளச் சீட்டை நம்பாமல், ஒரு நோட்டில் தினமும் நேரத்தை எழுதி, சம்பளப் பிரிவு வாரத்தை எந்தக் கிழமையிலிருந்து கணக்கிடுகிறது என்பதையும் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. ஜனவரியில் நித்யாவுக்கு ஒரு பேராசிரியர் 10 மணி நேர வேலை கொடுக்கிறார் என்றால், உணவுக்கூடத்தை விட்டுவிட்டு, நூலகத்தையும் 10 ஆகக் குறைத்தால்தான் கணக்கு நேராகும். 20 மணி நேர உதவியாளர் பணியே கிடைத்துவிட்டால் வேறு எந்த வளாக வேலைக்கும் இடமில்லை. செமஸ்டர் இடைவெளியிலும் கோடை விடுமுறையிலும், அடுத்த பருவத்துக்குப் படிப்பைத் தொடர்பவர் வளாகத்தில் முழுநேரமும் வேலை பார்க்கலாம். விடுமுறை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதைப் பல்கலைக்கழக நாள்காட்டியில் பார்க்க வேண்டும். கடைசித் தேர்வை எழுதி முடித்த நாளிலிருந்து நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

இனி வளாகத்துக்கு வெளியே. படிக்கும்போதே ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய சிபிடி என்ற அனுமதி இருக்கிறது. பாடத்திட்டத்தோடு இணைந்த நடைமுறைப் பயிற்சி என்பது அதன் பொருள். பயிற்சி படிப்பின் ஓர் அங்கமாக இருக்க வேண்டும். பட்டத்துக்கு அது கட்டாயமாக இருக்கலாம், அல்லது மதிப்பெண் அலகு தரும் ஒரு இன்டர்ன்ஷிப் பாடத்தில் பதிவு செய்து அதன் பகுதியாகச் செய்யலாம். இந்த அனுமதியைக் கொடுப்பவர் பல்கலைக்கழகத்தின் டிஎஸ்ஓ, அதாவது மாணவர் விசா விஷயங்களைக் கவனிக்க நியமிக்கப்பட்ட அதிகாரி. அவர் அரசின் செவிஸ் தரவுத்தளத்தில் பதிந்து, புதிய ஐ-20 தருவார். அதன் இரண்டாம் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள், முழுநேரமா பகுதிநேரமா என்பதெல்லாம் அச்சாகியிருக்கும். அந்தத் தாள்தான் அனுமதி. நிறுவனத்தின் ஆஃபர் கடிதம் அனுமதி ஆகாது.

இதற்கு முன் ஒரு தகுதி வேண்டும்: ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். முதல் பருவத்திலேயே பயிற்சியைக் கட்டாயமாக்கும் சில முதுகலைப் படிப்புகளுக்கு மட்டும் விலக்கு. ஆகஸ்ட்டில் சேர்ந்த நித்யா, மே மாதத்துக்குள் இரண்டு செமஸ்டர் முடித்துவிடுவாள். கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு வழி இருக்கிறது. அதே படிப்பில் ஜனவரியில் சேர்ந்த தோழனுக்கு மே மாதத்தில் ஒரு செமஸ்டர்தான் ஆகியிருக்கும். பெரிய நிறுவனமே கூப்பிட்டாலும் அந்தக் கோடையில் அவனால் போக முடியாது. ஜனவரிச் சேர்க்கை கிடைக்கிறதே என்று ஊரில் அவசரப்படும் பிள்ளைகளிடம் ஏஜென்ட்டுகள் இதைச் சொல்வதே இல்லை. அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒரு கோடைக்கால இன்டர்ன்ஷிப்புதான் பலருக்குப் பிற்பாடு வேலைக்குக் கதவு திறக்கிறது. அது கைவிட்டுப் போகும் என்பது பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டாமா?

நித்யாவுக்கு ஒரு நிறுவனத்தில் 2025 ஜூன் 2 முதல் ஆகஸ்ட் 15 வரை, 11 வாரத்துக்கு முழுநேர இன்டர்ன்ஷிப் கிடைக்கிறது. ஆஃபர் கடிதத்தில் தேதிகள், வேலை பார்க்கும் முகவரி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன வேலை எல்லாம் இருக்கிறது. துறை ஆலோசகரிடம் கையெழுத்து வாங்கி, இன்டர்ன்ஷிப் பாடத்தில் பதிந்து, டிஎஸ்ஓவிடம் கொடுக்கிறாள். புதிய ஐ-20 வருகிறது. மே கடைசியில் நிறுவனத்திலிருந்து அழைப்பு: “முந்தின வாரமே இரண்டு நாள் ஆன்லைனில் அறிமுகப் பயிற்சி வைத்துக்கொள்ளலாமா? அதற்கும் சம்பளம் உண்டு.” அன்பான அழைப்புதான். ஆனால் ஜூன் 2க்கு முன்பு செய்யும் வேலைக்கு அவளிடம் அனுமதி இல்லை. ஒன்று, தேதியை மாற்றி ஐ-20 திருத்தி வாங்க வேண்டும். அல்லது ஜூன் 2 வரை பொறுக்கும்படி நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். ஆகஸ்ட்டில் மேலாளர், “இன்னும் இரண்டு வாரம் இருந்துட்டுப் போயேன்” என்றாலும் இதே கதைதான். பதினைந்தாம் தேதிக்குப் பிறகு, புதிய அனுமதி வராமல், ஒரு நாள்கூடக் கூடாது. வேறு நிறுவனத்துக்கு மாற்றினாலும் புதிதாக வாங்க வேண்டும்.

சிபிடியில் வாரம் 20 மணி நேரத்துக்குள் இருந்தால் பகுதிநேரம். அதற்கு மேல் முழுநேரம். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால், அந்தப் பட்டத்துக்குப் பிறகு கிடைக்க வேண்டிய ஓபிடி என்ற ஓராண்டு வேலை அனுமதி பறிபோகும். நித்யாவின் இரண்டரை மாதத்தால் எந்தப் பாதிப்பும் இல்லை. பகுதிநேர சிபிடி இந்தக் கணக்கில் சேராது.

இங்கேதான் ஒரு வலை இருக்கிறது. சேர்ந்த முதல் நாளிலிருந்தே முழுநேர சிபிடி தருவதாகச் சொல்லும் சிறு கல்லூரிகள் விளம்பரம் செய்கின்றன. முதல் பருவத்திலேயே பயிற்சி தேவைப்படும் உண்மையான படிப்புகள் சில உண்டு. ஆனால் வகுப்பே பெயரளவுக்கு நடக்க, வேலை மட்டும் முழுநேரமாக நடந்தால், பின்னால் எச்-1பி விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அதிகாரிகள் அதைத் தோண்டிப் பார்க்கிறார்கள். மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறையே மாறுவேடத்தில் நடத்திய போலி நிறுவனம் அது. 2019 ஜனவரியில் அது வெளிவந்தபோது ஆள்பிடித்துக் கொடுத்த 8 பேர் மீது வழக்குப் போடப்பட்டது. கைதாகி நாடு திரும்பியவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள். படிக்காமலே வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

சரி, விதி மீறினால் என்ன ஆகும்? பாடங்களைக் குறைத்துக்கொண்டதால் விசா நிலை போனவர், சில நிபந்தனைகளோடு அதை மீட்க விண்ணப்பிக்கலாம். அனுமதியில்லாமல் வேலை பார்த்தவருக்கு அந்த மீட்புக்கான தகுதி இல்லை. டிஎஸ்ஓவுக்குத் தெரியவந்தால் அவர் செவிஸில் தெரிவித்தே ஆக வேண்டும். அதன் பிறகு நாட்டைவிட்டுக் கிளம்ப அவகாச நாளும் கிடையாது. பலமுறை இது அப்போதே வெளிப்படுவதில்லை. வருஷங்கள் கழித்து, விசா புதுப்பிக்கும்போதோ கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போதோ, சம்பளச் சீட்டும் வரிக் கணக்கும் வேலைத் தேதிகளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படும்போது வெளிவருகிறது.

வாடகை கட்ட முடியாத நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எதிர்பாராத பொருளாதார நெருக்கடிக்கு என்று ஒரு வழி உண்டு. ஒரு முழுக் கல்வியாண்டு எஃப்-1 நிலையில் இருந்தவர், டிஎஸ்ஓவின் பரிந்துரையோடு குடியேற்றத் துறையில் விண்ணப்பித்து, வளாகத்துக்கு வெளியே வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்க அனுமதி கேட்கலாம். குடும்பத்தில் சம்பாதிப்பவர் இறந்தது, நாணய மதிப்பு கடுமையாகச் சரிந்தது, கடன் திடீரென நின்றுபோனது போன்ற, கிளம்பும்போது தெரிந்திருக்க முடியாத காரணங்களை ஆவணங்களோடு காட்ட வேண்டும். முடிவு வர மாதங்கள் ஆகலாம். அட்டை கையில் வந்த பிறகுதான் வேலை. முதல் வருஷத்துக்கு இது இல்லவே இல்லை. ஆகவே பெற்றோர், முதல் ஆண்டின் வாடகையையும் சாப்பாட்டையும் பிள்ளையின் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல் போட்டுப் பாருங்கள். வளாக வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அது கிடைப்பதற்குள் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடுவதும் உண்டு. அந்தக் கணக்கு நிற்கவில்லை என்றால், விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பு பேசித் தீர்ப்பது எளிது.

அடுத்த வாரம்: பட்டம் வாங்கிய பிறகு வரும் ஓபிடி, அதில் வேலையில்லாமல் இருக்க அனுமதிக்கப்பட்ட 90 நாள் எப்படி எண்ணப்படுகிறது என்பது.