தப்படியும் கிலோமீட்டர் கல்லும்

ஆரணியாற்றின் நீர் தேங்கி நிற்கும் பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தின் பக்கமாக, விடியற்காலையில் வெயில் ஏறுவதற்கு முன் நடந்து வருவதை நெடுநாள் நியமமாகக் கொண்ட என் பெரியப்பா, ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியை என்னிடம் நீட்டி, "எட்டாயிரம் தப்படி, ஐந்தே கால் கிலோமீட்டர் என்கிறதடா இது, இத்தனை தூரம் நான் நடந்த மாதிரி என் காலுக்குத் தெரியவில்லையே!" என்றார். அவருடைய காலின் சாட்சியத்தையும் கருவியின் சாட்சியத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆவல் எனக்கும் உண்டாயிற்று.

இத்தகைய கருவிகள் உண்மையில் எண்ணுவது தப்படியைத்தான். தூரம் என்பது அவை கணக்கிட்டுச் சொல்வது. உடல் ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்கும் அசைவை உணர்ந்து எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு போகும் அவை, அதை ஒரு தப்படியின் நீளத்தால் பெருக்குகின்றன. அந்த நீளத்தை நாம் சொல்லாதவரையில், ஆளின் உயரத்தில் நூற்றுக்கு நாற்பத்தொன்றரைப் பங்கு என்ற பொதுவான பிரமாணத்தை வைத்துக்கொள்வது வழக்கம். பெரியப்பாவின் உயரம் 160 சென்டிமீட்டர். ஆகவே தப்படி 66.4 சென்டிமீட்டர், எட்டாயிரத்துக்கு 5,312 மீட்டர். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் அறுபத்தேழு வயதில் முழங்கால் வலியோடு நடப்பவரின் தப்படி, அதே உயரமுள்ள இளைஞனின் தப்படியாக இருக்க வேண்டிய அவசியம் என்ன?

தம் தப்படியைத் தாமே அளந்தறிந்து அதனால் தூரத்தைக் கண்டுபிடித்த யுக்திக்கு நம் தேசத்தில் மகத்தான முன்மாதிரி உண்டு. நில அளவைத் துறையைச் சேர்ந்த கேப்டன் மாண்ட்கோமெரி, அந்நியர் நுழைய இயலாத திபெத்துக்கு அனுப்புவதற்காகக் குமாவுன் மலைநாட்டைச் சேர்ந்த நயின் சிங்கைத் தயார் செய்தபோது, மேடோ பள்ளமோ எதுவாயினும் தப்படி ஒரே நீளத்தில் விழும்படி அவரைப் பழக்கினார். 108 மணிகள் இருக்க வேண்டிய ஜபமாலையில் 100 மணிகளே கோக்கப்பட்டிருந்தன. நூறு தப்படிக்கு ஒரு மணியைத் தள்ளிக்கொண்டே யாத்திரிகர் வேடத்தில் 1865-இல் புறப்பட்ட அவர், 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். மாலை ஒரு சுற்று முடிந்தால் பதினாயிரம் தப்படி. ஆயினும் நீளம் தெரியாவிட்டால் அந்தப் பதினாயிரம் வெறும் எண்ணாகவே நின்றிருக்கும்.

எங்களுக்கு வேண்டியது நீளம் தெரிந்த ஒரு வழித்துண்டு. பிச்சாட்டூர் வழியாக ஊத்துக்கோட்டையையும் புத்தூரையும் இணைக்கும் சாலையின் ஓரத்துக் கிலோமீட்டர் கற்களே போதும் என்று தீர்மானித்தோம். இருபது மீட்டர் தூரத்தை நாடாவால் அளந்து நடந்தால் ஆகாதோ என்று கேட்கலாம். அவ்வளவு தூரத்தில் விழுபவை முப்பத்திரண்டு தப்படிதான், கடைசி அடி கோட்டுக்கு இப்பாலா அப்பாலா என்ற ஒரு தப்படிச் சந்தேகமே நூற்றுக்கு மூன்று பங்குப் பிழையாகிவிடும். ஒரு கிலோமீட்டரில் அதே சந்தேகம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அன்றியும் அளக்கிறோம் என்ற நினைவில் முதல் இருபது அடியை எவரும் விறைப்பாகவும் நீளமாகவுமே வைப்பார்கள். அந்த விறைப்பு தளர்ந்து சுபாவமான நடை வருவதற்கே சிறிது தூரம் வேண்டும். இதை உத்தேசித்துக் கல்லுக்குப் பத்துப் பதினைந்து அடி முன்னரே நடக்கத் தொடங்கி, கல்லைக் கடக்கும் அடியிலிருந்து எண்ணலானோம்.

வலக்கால் ஊன்றும்போது மட்டும் எண்ணி, முடிவில் இரட்டித்துக்கொள்வது சௌகரியமானது. நூறு ஆனதும் ஒரு புளியங்கொட்டையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார் பெரியப்பா. போகும்போது 1,606 தப்படி, திரும்பும்போது 1,594, சராசரி 1,600. ஆயிரம் மீட்டரை அதனால் வகுத்தால் தப்படி 62.5 சென்டிமீட்டர். கல்லே இடம் மாறியிருந்தால் என்ன செய்வது என்ற ஐயம் எனக்கு இருந்தது. சாலையை அகலப்படுத்தும்போது கற்களைப் பிடுங்கி நடுவது உண்டல்லவா? அதற்காக அடுத்த கல் வரையிலும் நடந்து பார்த்தோம், ஏறக்குறைய அதே 1,600 வந்தது. அங்கே 1,700 வந்திருந்தால் காலைச் சந்தேகிப்பதைவிடக் கல்லைச் சந்தேகிப்பதே நியாயமாக இருந்திருக்கும்.

விஷயம் இத்துடன் முடிந்ததென்று நான் நினைத்த வேளையில்தான் முக்கியமான சிக்கல் புலப்பட்டது. நாங்கள் 1,600 எண்ணிய அதே தூரத்துக்கு, சட்டைப்பையில் தளர்வாகக் கிடந்த கைப்பேசி சராசரியாக 1,550 தப்படியே எண்ணியிருந்தது. தினந்தோறும் பெரியப்பா படிக்கப்போவது கைப்பேசியின் எண்ணிக்கையை, அதை 62.5-ஆல் பெருக்கினால், கருவி விட்டுவிட்ட அடிகளுக்குரிய தூரமும் விட்டுப்போகும். ஆகவே ஆயிரத்தை 1,550-ஆல் வகுத்து, 64.5 சென்டிமீட்டர் என்பதையே கைப்பேசியில் அவருடைய தப்படி நீளமாகப் பதிந்தோம். அது அவர் காலின் நீளமன்று. அவருடைய காலும் அந்தக் கருவியும் அந்தச் சட்டைப்பையும் சேர்ந்த ஒரு கூட்டின் நீளம். கருவியை இடுப்பு மடிக்கு மாற்றினால் மறுபடியும் அளக்க வேண்டியதே.

எட்டாயிரத்தையும் இந்த நீளத்தால் பெருக்கிவிடலாமா என்றால், அதுவும் கூடாது. காலை நடையைத் தனியே குறித்துப் பார்த்ததில் அது 6,200 தப்படி, அதாவது நான்கு கிலோமீட்டர். மீதி 1,800 வீட்டுக்குள்ளும் கொல்லைக்கும் தெருவாசலுக்குமாக நடந்தவை. அடுக்களையிலிருந்து திண்ணை வரை நாடா வைத்து அளந்ததில் 12 மீட்டர். அதை அவர் 27 தப்படியில் கடந்தார். தப்படி 44 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஆக 800 மீட்டர். சில அடிகள் தொடர்ந்து சீராக விழுந்த பின்னரே அதை நடையென்று ஏற்கும் இயல்புள்ள கருவி, வீட்டுக்குள் நாலடி ஐந்தடி நடப்பதைப் பெரும்பாலும் எண்ணாமலே விடுமாதலால், இந்த 800-ஐ உத்தேசமாகவே கொள்ள வேண்டும். மொத்தம் ஐந்தே கால் அன்று. நாலே முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெரியப்பாவின் கால் சொன்னது சரியே.

வேகம் கூடினால் தப்படியும் நீளும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பஸ்ஸைப் பிடிக்க விரைபவரின் நீளம் வேறு, பேச்சுத் துணையோடு ஆற அமர நடப்பவரின் நீளம் வேறு. மழைக்குப்பின் களிமண்ணாகும் வழியில் அடி தானாகவே குறுகும். எந்த நடையின் தூரம் வேண்டுமோ, அந்த நடையையே, அந்தச் செருப்போடு, அந்த வேளையில் அளப்பதுதான் முறை.

புரட்டாசியில் அவரும் பெரியம்மாவும் அலிபிரியிலிருந்து திருமலைக்குக் கால்நடையாக ஏறினார்கள். அந்த வழியில் 3,550 படிகள். இடையிடையே சமதளமாகவும் பாதை நீள்கிறது. செங்குத்தான இடத்தில் ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து ஏறினால் ஒரு படிக்கு இரண்டு தப்படி. அகலமான படியில் மூன்றும் உண்டு. மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் காலை மாற்றி மாற்றி ஊன்றுவதைக்கூடக் கருவி தப்படியென்று எண்ணிவிடலாம். சாலையில் அளந்த 64.5 அங்கே எதற்கும் பொருந்தாது. அன்றைய எண்ணிக்கையைப் பெரியப்பா தம் குறிப்பேட்டில் தப்படியாகவே எழுதினார். அதற்கு நேரே தூரம் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்.