பில் போடும் முன் பேரேட்டைப் பார்!

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அரிசியும் பருப்பும் எண்ணெயும் ஏற்றிய வேன் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் சரக்குக்கான பணம் திரும்பி வர ஒரு மாதம் ஆகும். சில சமயம் மூன்று மாதம் ஆகும். சில சமயம் வராமலே போய்விடும்!

மாமல்லபுரத்து ஓட்டல்கள் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடப்பவை. டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழா நடக்கும்போது கல்லாப் பெட்டி நிறையும். ஆனால் 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா காரணமாகக் கடற்கரைக் கோயிலின் கதவு மூடப்பட்டது. பயணிகள் வராவிட்டால் ஓட்டலுக்கு வருமானம் இல்லை. ஓட்டலுக்கு வருமானம் இல்லாவிட்டால், அதற்குக் கடனாகச் சரக்குக் கொடுத்தவருக்கும் பணம் இல்லை.

ஆகவேதான் மொத்த வியாபாரிகள் ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் ஒரு கடன் வரம்பு வைக்கிறார்கள். "இவரிடம் இவ்வளவுக்கு மேல் நம் பணம் நிற்கக் கூடாது" என்பதே அந்த வரம்பு. அந்த ஓட்டல் ஒரு மாதத்தில் வாங்கும் சரக்கு எவ்வளவு, எத்தனை நாள் தவணை, திடீரென்று பணம் நின்றால் வியாபாரி தாங்கக்கூடிய நஷ்டம் எவ்வளவு — இந்த மூன்றையும் பார்த்து அதைத் தீர்மானிக்க வேண்டும்.

இடம் இருக்கிறதா?

ஓர் உதாரணம் பார்ப்போம். செங்கல்பட்டில் ஒரு மளிகை மொத்த வியாபாரி. மாமல்லபுரத்தில் அவருக்கு ஓர் ஓட்டல் வாடிக்கை. கடன் வரம்பு 1,00,000 ரூபாய். தவணை 30 நாள்.

டிசம்பர் 18-ந் தேதி ஓட்டலிலிருந்து 40,000 ரூபாய்ச் சரக்குக்கு ஆர்டர் வருகிறது. கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டுகிறார். பாக்கி 57,000 ரூபாய். அதோடு 40,000 சேர்த்தால் 97,000. வரம்புக்குள்தான் இருக்கிறது. "பில் போடலாம், முதலாளி" என்கிறார்.

போடலாமா? கூடாது. அந்த 57,000 உண்மையான பாக்கி அல்ல!

செக் பணம் ஆகாது

பேரேட்டில் ஒரு வரவு இருக்கிறது. ஓட்டல்காரர் கொடுத்த 20,000 ரூபாய்ச் செக். ஆனால் அதில் போட்டிருக்கும் தேதி டிசம்பர் 28. இன்னும் வங்கிக்கே போகவில்லை. வங்கியில் மாறிய பிறகுதான் அது பணம். அதுவரை அந்த 20,000-மும் பாக்கிதான். ஆக, பாக்கி 77,000.

இன்னொன்றும் உண்டு. டிசம்பர் 15-ல் அவசரம் என்று கேட்டார்கள் என்பதற்காக 8,000 ரூபாய் எண்ணெய் டின்களைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பிவிட்டார்கள். சரக்கு போகும்போதே பில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பேரேட்டுக்கு அந்த எண்ணெயைப் பற்றி ஒன்றும் தெரியாது! கணினியில் கணக்கு வைத்து, வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கும்படி செய்திருந்தாலும் இதே கதிதான். எழுதாத சரக்கு அதன் கண்ணில் படாது.

இதையும் சேர்த்தால் 85,000. வரம்பில் மிச்சம் இருக்கும் இடம் 15,000 மட்டுமே.

எந்த பில் நிற்கிறது?

மொத்தத் தொகையைப் பார்த்தால் மட்டும் போதாது. எந்தெந்த பில் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். செப்டம்பர் 20-ந் தேதி பில் 22,000. நவம்பர் 12-ந் தேதி பில் 30,000. டிசம்பர் 1-ந் தேதி பில் 25,000. இவைதான் அந்த 77,000.

இதில் ஓர் அதிசயம் தெரிகிறது. அக்டோபர் பில்லுக்கு முழுப் பணமும் நவம்பரிலேயே வந்துவிட்டது. அதற்கு முந்திய செப்டம்பர் பில் மட்டும், தவணை முடிந்து 59 நாள் ஆகியும் அப்படியே நிற்கிறது. இது ஏன்?

கையில் பணமில்லாதவர் எல்லா பில்லையும் தள்ளிப் போடுவார். புதிய பில்லுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பழைய பில் ஒன்றை மட்டும் நிறுத்தி வைத்தால், அதில் ஏதோ தகராறு இருக்கிறது என்று பொருள். இதைப் பேரேடு சொல்லாது. போன் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

"அண்ணே, செப்டம்பர் பில் 22,000 அப்படியே நிற்கிறதே?" என்று வியாபாரி கேட்கிறார்.

"அதில் பருப்பு வண்டு விழுந்திருந்தது என்று 4,000 ரூபாய்ச் சரக்கைத் திருப்பி அனுப்பினோமே, அண்ணே! அதை இன்னும் நீங்கள் கழிக்கவில்லையே" என்கிறார் ஓட்டல்காரர்.

குடோனில் தேடினால் திரும்பி வந்த மூட்டைகள் கிடக்கின்றன. 'கிரெடிட் நோட்' என்னும் வரவுச் சீட்டு எழுதவில்லை. தவறு செங்கல்பட்டில் இருந்திருக்கிறது! சீட்டை எழுதியதும் செப்டம்பர் பாக்கி 18,000 ஆகிறது. மொத்தப் பாக்கி 81,000.

மறுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்

இப்போது இருவரும் பேசி முடிக்கிறார்கள். செப்டம்பர் பாக்கி 18,000-ஐ ஓட்டல்காரர் அன்றே வங்கி மூலம் அனுப்புகிறார். பாக்கி 63,000 ஆகிறது. வரம்பில் 37,000-க்கு இடம் கிடைக்கிறது. ஆர்டரோ 40,000. மீதி 3,000 ரூபாயைச் சரக்கு இறங்கும்போது ரொக்கமாகத் தருவதென்று ஏற்பாடு. எண்ணெய் டின்களுக்கும் உடனே பில் போடப்படுகிறது. அதன் பிறகே புதிய பில். அதன் பிறகே வேன் கிளம்புகிறது.

இதையெல்லாம் பில் போட்ட பிறகு பார்த்தால் என்ன? இரண்டு கஷ்டங்கள் உண்டு. குடோனில் இருக்கும் அரிசி வியாபாரியின் கையில் இருக்கிறது. ஓட்டலில் இறங்கிய அரிசி நாலு நாளில் சோறாகிவிடும். அதைத் திரும்பக் கேட்க முடியாது. இரண்டாவது, வரி. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுப்பவர், இந்த மாதம் போட்ட பில்லுக்கான வரியை அடுத்த மாதம் 20-ந் தேதிக்குள் கட்டவேண்டும். வாடிக்கைக்காரர் பணம் தந்தாரா என்று அரசாங்கம் கேட்பதில்லை. கடன் வராக்கடன் ஆகிவிட்டாலும் கட்டிய வரி திரும்பாது.

மூன்று வருஷக் கெடு

பணம் வரும்போதும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். "இது இந்த பில்லுக்கு" என்று சொல்லி வாடிக்கைக்காரர் பணம் கொடுத்தால், வியாபாரி வாங்கிக்கொண்டு அதை வேறு பில்லில் வரவு வைக்க முடியாது. அவர் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால், எதில் வரவு வைப்பது என்பது வியாபாரியின் இஷ்டம். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இப்படிச் சொல்கிறது. ஆகவே ரசீதில் பில் நம்பரை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய பில் எது, புதிய பில் எது என்பதிலேயே பின்னால் வழக்கு வரும்.

பழைய பில்லை அப்படியே விட்டுவைக்கவும் கூடாது. 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் கோர்ட்டுக்குப் போகவேண்டும். அந்தக் கெடு முடிவதற்குள், "இவ்வளவு பாக்கி தரவேண்டியது உண்மை" என்று வாடிக்கைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கிக் கணக்கை அனுப்பிக் கையெழுத்து வாங்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். வண்டு விழுந்த பருப்புக் கணக்கும் அப்போது வெளியே வந்துவிடும்!